பாடியில் ஒரு சின்ன பிராட்பேண்ட் தொழில்: அந்த 57 ரூபாயை யார் எடுத்துக்குவாங்க?

நம்ம சேனல் பார்க்கிற பாடி நண்பர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவரோட பழைய ஸ்கூல் நண்பர் பாடி, மண்ணூர்பேட்டை பக்கம் வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கிறார். மொத்தம் 700 கனெக்‌ஷன். "12 லட்சம் போடு, 25 சதவீதப் பங்கு தர்றேன்"னு கூப்பிட்டிருக்கார். நம்பிக்கைக்காக ஒரு பிபிடி-யும் கொடுத்திருக்கார். அதில் ஒரு பக்கம் முழுக்க போர்ட்டரோட ஃபைவ் ஃபோர்சஸ். புதுப் போட்டியாளர்கள்: மீடியம். சப்ளையர் பலம்: மீடியம். வாடிக்கையாளர் பலம்: ஹை. மாற்றுப் பொருள்: மீடியம். போட்டி: ஹை. அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து ஒரு டீக்கடைக்கோ சலூனுக்கோ ஒட்டினாலும் பொருந்தும். அப்போ அதில் தகவல்னு எதுவும் இல்லைன்னுதான் அர்த்தம்.

மைக்கேல் போர்ட்டர் இதை 1979-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினப்போ கேட்ட கேள்வி ரொம்ப நேரடியானது: ஒரு தொழிலில் உருவாகிற லாபத்தை யார் எடுத்துட்டுப் போறாங்க? தொழில் செய்றவரா, சரக்கு கொடுக்கிறவரா, வாங்குறவரா, பக்கத்துக் கடைக்காரரா? இதுக்கு "ஹை, மீடியம், லோ" பதில் ஆகாது. ரூபாயில்தான் பதில் சொல்லணும். அதனால முதல்ல லாபம் எவ்வளவுன்னு கண்டுபிடிப்போம். அப்புறம் ஒவ்வொரு ஃபோர்ஸும் அதிலிருந்து எவ்வளவு பிடுங்க முடியும்னு பார்க்கலாம்.

(அடையாளம் தெரியக்கூடாதுன்னு எண்களை மாத்தி, முழு எண்களா வச்சிருக்கேன். உங்க கணக்குக்கு உங்க பில்லையும் ஸ்டேட்மென்டையும் போட்டுக்கோங்க.)

முதல்ல லாபம் எவ்வளவு?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடணும். தெருவில் "நம்ம ஏரியா நெட்காரர்"னு சொல்ற பெரும்பாலானவங்க கையில் இன்டர்நெட் லைசென்ஸ் இருக்காது. லைசென்ஸ் வச்சிருக்கிற ஒரு கம்பெனிக்கு அவங்க லோக்கல் பார்ட்னர். கம்பி இழுக்கிறது, மோடம் மாட்டுறது, ஃபால்ட் பார்க்கிறது, வசூல் பண்றது எல்லாம் இவங்க. பேண்ட்விட்த், பில்லிங் போர்ட்டல், பிராண்டு, லைசென்ஸ் எல்லாம் கம்பெனியோடது. வருமானத்தை இரண்டு பேரும் பிரிச்சுக்குவாங்க. நம்ம நண்பரோட நண்பரும் அப்படித்தான். பிபிடி-யில் மட்டும் "எங்கள் ஐஎஸ்பி"ன்னு இருந்தது.

சராசரியா ஒரு கனெக்‌ஷனுக்கு மாசம் 500 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. 700 கனெக்‌ஷனுக்கு 3,50,000. பாதி கம்பெனிக்கு. இவருக்கு மிச்சம் 1,75,000. அதிலிருந்து இரண்டு டெக்னீஷியன், ஆபீஸில் ஒருத்தர் சம்பளம் 50,000. வாடகை, கரண்ட், யுபிஎஸ் பேட்டரி 15,000. கம்பம், கேபிள் பாதை செலவு 10,000. ரிப்பேரும் புதுக் கனெக்‌ஷன் செலவும் சேர்த்து 25,000. கையில் நிக்கிறது 75,000. பிபிடி-யில் "நிகர லாபம்"னு போட்டிருந்தது இந்த 75,000-ஐத்தான்.

ஆனா ஓனர் காலையில 8 மணியிலிருந்து ராத்திரி 10 வரைக்கும் அங்கேதான் இருக்கார். அவருக்குச் சம்பளம் போடல. அதே வேலைக்கு வெளியாள் வச்சா 35,000-க்குக் குறைஞ்சு வர மாட்டாங்க. அதைக் கழிச்சா உண்மையான லாபம் மாசம் 40,000. 700-ஆல் வகுத்தா ஒரு கனெக்‌ஷனுக்கு 57 ரூபாய்.

இந்த 57-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க. இனிமே எல்லாமே இதை வச்சுத்தான்.

சரக்கு கொடுக்கிறவர்தான் விலையும் வைக்கிறார்

பிபிடி-யில் சப்ளையர் பலம் "மீடியம்"னு இருந்தது. காரணமா எழுதியிருந்தது: ஃபைபர் கேபிள், மோடம் விக்கிற கடை நிறைய இருக்கு. அது உண்மைதான், ஆனா அவங்க யாரும் இங்கே முக்கியமான சப்ளையர் இல்லை. இந்தத் தொழிலோட சப்ளையர் லைசென்ஸ் வச்சிருக்கிற கம்பெனி.

கம்பெனி ஒரு சர்க்குலர் அனுப்புது: "அடுத்த மாசத்திலிருந்து பார்ட்னர் பங்கு 50-லிருந்து 45 சதவீதம்." 500 ரூபாயில் 5 சதவீதம் 25 ரூபாய். 57 ரூபாய் 32 ஆயிடுச்சு. ஒரே மெயிலில் லாபத்தில் கிட்டத்தட்ட பாதி போச்சு. ஒரு வாடிக்கையாளர்கூட விலகல, ஒரு கேபிள்கூட அறுகல.

இதைவிட முக்கியமானது இன்னொண்ணு. பிளான் விலையை இவர் வைக்கிறதில்லை, கம்பெனி வைக்குது. சென்னை முழுக்க ஒரு பெரிய போட்டியாளரைச் சமாளிக்கணும்னு கம்பெனி 500 ரூபாய் பிளானை 400 ஆக்கினா, இவர் பங்கு 250-லிருந்து 200. செலவு ஒண்ணும் குறையாது. 57 ரூபாய் 7 ஆயிடும். பாடியில் அந்தப் போட்டியாளர் ஒரு வீட்டுக்குக்கூட கனெக்‌ஷன் கொடுத்திருக்க வேண்டாம். அண்ணா நகர்ல நடக்கிற சண்டைக்கு இங்கே இவர் பணம் கட்டுறார்.

இது கற்பனை பயம் இல்லை. ஜியோ ஃபைபர் 2019 செப்டம்பர்ல வந்தப்போ ஆரம்ப பிளான் 699 ரூபாய். ஒரே வருஷத்தில், 2020 செப்டம்பர்ல, 30 எம்பிபிஎஸ் பிளான் 399 ரூபாய்க்கு வந்துச்சு. அதே மாசம் ஏர்டெல் 499-க்கு ஒண்ணு விட்டாங்க. மார்க்கெட்டோட அடிமட்ட விலை ஒரு வருஷத்தில் 300 ரூபாய் இறங்குற இடத்தில், 57 ரூபாய் மார்ஜினை வச்சுக்கிட்டு நிக்கிறோம்.

சரி, சொந்தமா லைசென்ஸ் வாங்கிட்டா? நுழைவுக் கட்டணம் நீங்க நினைக்கிற அளவு பெரிசில்லை. யூனிஃபைடு லைசென்ஸ் முறையில் சின்ன ஏரியாவுக்கான சி கேட்டகிரிக்கு 20,000 ரூபாய், பி-க்கு 2 லட்சம், இந்தியா முழுக்க போற ஏ-க்கு 30 லட்சம்னு இருந்துச்சு. ஆனா அதோட வருமானத்தில் லைசென்ஸ் ஃபீஸ், யார் எப்போ எந்த ஐபி-யில் இருந்தாங்கங்கிற பதிவுகள், அதுக்கான ஆள், ரிட்டர்ன் தாக்கல் எல்லாம் வரும். பேண்ட்விட்தை யார்கிட்ட வாங்குவீங்க? மொத்தமா விக்கிற பெரிய நெட்வொர்க்குகளில் சிலது உங்க தெருவிலேயே சில்லறையாவும் விக்குது. 700 கனெக்‌ஷனுக்கு அது தாங்காதுங்கிறது என் கருத்து. சில ஆயிரம் கனெக்‌ஷன் வந்த பிறகு திரும்பப் பேசலாம்.

வாடிக்கையாளர்: "ஹை" இல்லை, மூணு வகை

வாடிக்கையாளர் பலம்னு பொதுவா ஒரு வார்த்தையில் சொன்னா தப்பான முடிவுக்குத்தான் போவோம். பாடியில் குறைஞ்சது மூணு வகை ஆட்கள் இருக்காங்க.

திருவல்லீஸ்வரர் கோயிலைச் சுத்தி இருக்கிற மாதிரி பழைய தெருக்களில் சொந்த வீட்டுக்காரங்க. நெட் ஓடுற வரைக்கும் 50 ரூபாய் வித்தியாசத்துக்கு மாத்த மாட்டாங்க. நம்ம டெக்னீஷியனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. அடுத்தது வாடகைக்கு இருக்கிறவங்க, பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பேச்சிலர் பசங்க. விலையில் குறை இல்லைன்னாலும் வீடு மாறும்போது போயிடுவாங்க. மூணாவது அபார்ட்மென்ட். இங்கே வாங்குறவர் ஒரு ஃபிளாட்காரர் இல்லை, அசோசியேஷன் செகரட்டரி. "லாபியில் இன்னொரு கம்பெனிக்கு பாக்ஸ் வைக்க இடம் கொடுத்தாச்சு"ன்னு அவர் ஒரு மீட்டிங்கில் முடிவெடுத்தா 60 கனெக்‌ஷன் ஒரே காலாண்டில் நகரும். கணக்கு: 60 × 250 = 15,000. சம்பளமும் வாடகையும் அப்படியேதான் இருக்கும். 40,000 லாபம் 25,000 ஆகும்.

அதனால நண்பர்கிட்ட நான் கேட்கச் சொன்னது, 700 கனெக்‌ஷனோட முகவரி லிஸ்ட். எத்தனை சொந்த வீடு, எத்தனை வாடகை, ஒரே கட்டடத்தில் 20-க்கு மேல எங்கெங்கே இருக்கு. வந்த லிஸ்ட்டில் 120 கனெக்‌ஷன் இரண்டே இரண்டு அபார்ட்மென்டில் இருந்தது.

ஒரு சின்ன இடைச்செருகல். பேங்க் பேலன்ஸைப் பார்த்து ஏமாறாதீங்க. வருஷத்துக்கு மொத்தமா ரீசார்ஜ் பண்றவங்க பணம் இன்னைக்கு அக்கவுண்டில் இருக்கும், ஆனா அதுக்கு எதிரா 12 மாசம் சர்வீஸ் கொடுக்கணும். அது வருமானம் இல்லை, கடன் மாதிரி. இன்னொண்ணு, பார்ட்னர் பங்கு மட்டுமே வருஷத்துக்கு 1,75,000 × 12 = 21 லட்சம். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். பதிவு எண் இருக்கான்னு கேளுங்க.

போட்டியை அளக்க வேண்டியது சர்னில்

ஜியோ, ஏர்டெல், ஏசிடி, பிஎஸ்என்எல், கூடவே லோக்கல் ஆட்கள்னு பேர்களை வரிசையா எழுதுறதால எதுவும் தெரியாது. மாசத்துக்கு எத்தனை பேர் போறாங்க? தொழிலில் இதை சர்ன்னு சொல்வாங்க. இங்கே போட்டியோட சூடு தெரியற தெர்மாமீட்டர் இதுதான்.

ஒரு புதுக் கனெக்‌ஷன் போட மோடம் (டெக்னீஷியன்கள் ஓஎன்டி-ன்னு சொல்வாங்க), கம்பத்திலிருந்து வீட்டுக்கு வர்ற டிராப் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்னு வைங்க. இன்ஸ்டலேஷன் ஃப்ரீன்னு எல்லாரும் கொடுக்கிறதால இதை வாடிக்கையாளர்கிட்ட வாங்க முடியாது. மாசம் 1 சதவீதம் பேர் போனா 7 பேர். 700-ஐத் தக்க வைக்க 7 புது ஆள், 14,000 ரூபாய். மேலே நாம போட்ட 25,000-ல் இது அடக்கம், மீதி 11,000 ரிப்பேர். சர்ன் 3 சதவீதமானா? 21 பேர், 42,000 ரூபாய். லாபம் 40,000-லிருந்து 12,000. கனெக்‌ஷனுக்கு 17 ரூபாய். எண்ணிக்கை மட்டும் பிபிடி-யில் அதே 700-தான் காட்டும். அதனாலதான் "எத்தனை கனெக்‌ஷன்"ங்கிற கேள்வி எனக்குப் பெரிசா பிடிக்காது. போன 12 மாசத்தில் எத்தனை சேர்த்தீங்க, எத்தனை கட் ஆச்சு, கட் ஆனதில் எத்தனை மோடம் திரும்பி வந்துச்சு, இந்த மூணு எண்ணையும் கேளுங்க. மோடம் திரும்பி வந்தா அடுத்த வீட்டில் மாட்டலாம், 2,000 ரூபாய் செலவு கணிசமா குறையும்.

சர்ன் எப்பவும் போட்டியாளரால வர்றதில்லை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது கேபிள் அறுந்து, அவசரத்தில் ஒட்டின ஸ்ப்ளைஸ் சரியில்லாம ஸ்லோவா ஓடுற வீடுகள்தான் முதல்ல போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி என் கிளையன்ட் ஒருத்தரோட டெக்னீஷியன் சொல்லிக் கொடுத்தார். ஆபீஸில் இருக்கிற ஓஎல்டி மெஷினில் ஒவ்வொரு வீட்டு மோடத்துக்கும் வர்ற ஒளியோட அளவு டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 15-லிருந்து 25-க்குள்ள இருந்தா நல்லது. மைனஸ் 27-ஐத் தொட்டா விட்டு விட்டு ஓடும். அந்த லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் கேளுங்க. நிறைய வீடு மைனஸ் 26, 27-ல் இருந்தா, அடுத்த ஆறு மாசத்தில் போகப் போறவங்க லிஸ்ட் அதுதான்.

மாற்று: கம்பமே தேவையில்லாத நெட்

இந்த இடத்தில் பிபிடி "மொபைல் டேட்டா"ன்னு எழுதிட்டு நகர்ந்துடுச்சு. மொபைல் ஹாட்ஸ்பாட் பேச்சிலர்களுக்கு மாற்றுதான், ஆனா டிவி, ஒர்க் ஃப்ரம் ஹோம்னு இருக்கிற குடும்பத்துக்குப் போதாது. கவனிக்க வேண்டியது ஏர்ஃபைபர். ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19-ம் தேதி எட்டு நகரங்களில் வந்துச்சு, சென்னையும் அதில் ஒண்ணு. ஆரம்ப பிளான் 599, ஜிஎஸ்டி தனி. மொட்டை மாடியில் ஒரு பெட்டி, அது 5ஜி டவரிலிருந்து சிக்னல் எடுத்து வீட்டுக்குள்ள வைஃபை கொடுக்கும்.

இதில் சின்ன ஆபரேட்டருக்கு என்ன பிரச்சினைன்னா, அவரோட பெரிய பலமே குறுகலான தெருவில் கம்பம் கம்பமா கேபிள் இழுத்து வச்சிருக்கிறதுதான். பெரிய கம்பெனி வர சோம்பல்படுற தெருவில் இவர் மட்டும் இருப்பார். ஏர்ஃபைபருக்கு அந்தத் தெரு வழியா வர வேண்டிய அவசியமே இல்லை.

ஆனா அதுக்கும் எல்லை உண்டு. ஒரு டவரோட கொள்ளளவை அங்கே இருக்கிற மொபைல்காரங்களோட பங்கு போட்டுத்தான் ஓடணும். ஃபைபரில் ஆள் கூடினா இன்னொரு போர்ட் போட்டுடலாம், காற்றில் அலைக்கற்றை அவ்வளவு சுலபமா கூடாது. அதனால ஏர்ஃபைபர் வச்சிருக்கிற தெரிஞ்ச வீட்டில் ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் பாருங்க, அதே நேரம் இவரோட கனெக்‌ஷனிலும் எடுங்க. அப்புறம் ஒரு உயரமான மாடியில் ஏறி, சுத்தி எத்தனை வெளிப் பெட்டி தெரியுதுன்னு எண்ணுங்க. இந்த ஏரியாவுக்கு எந்த ரிப்போர்ட்டும் இதைவிட நல்லா சொல்லாது.

புதுசா வர்றவர் வெளியாள் இல்லை

இதைச் சீக்கிரமா முடிச்சிடலாம். பாடியில் புதுசா ஒருத்தர் வந்து முதல்லருந்து கேபிள் இழுக்கிறது குறைவு. வரப்போறவர் பக்கத்துத் தெரு கேபிள் டிவிக்காரர், அவர்கிட்ட கம்பம், வசூல் பையன், வீட்டுக்காரங்க பழக்கம் எல்லாம் ஏற்கெனவே இருக்கு. இல்லைன்னா நம்ம டெக்னீஷியனே. எந்த ஸ்ப்ளிட்டர் எங்கே இருக்கு, எந்த வீட்டுக்காரர் கோபமா இருக்கார்னு ஓனரைவிட அவருக்குத்தான் தெரியும். 18,000 சம்பளத்தில் அவரை எத்தனை நாள் வச்சிருக்க முடியும்னு யோசிக்கணும்.

12 லட்சத்துக்கு என்ன பதில்?

25 சதவீதத்துக்கு 12 லட்சம்னா மொத்தத் தொழிலை 48 லட்சத்துக்கு மதிக்கிறார். உண்மையான லாபம் வருஷத்துக்கு 4,80,000. அதில் 25 சதவீதம் 1,20,000. போட்ட பணத்துக்கு 10 சதவீதம். எஃப்டி-யைவிடக் கொஞ்சம்தான் கூட. அதுவும் ஒரு சர்க்குலரில் பாதியாகக்கூடிய 10 சதவீதம். இந்த எண்களுக்கு நான் போட மாட்டேன்.

ஆனா கதவைச் சாத்தவும் சொல்லல, ஏன்னா ஒரு விஷயம் இவர் பக்கமும் இருக்கலாம். 2018 அக்டோபர்ல ரிலையன்ஸ் டென், ஹாத்வே இரண்டு கேபிள் கம்பெனியிலும் பெரும்பான்மைப் பங்கு வாங்கப் போறதா அறிவிச்சாங்க. 5,000 கோடிக்கு மேல. அந்த இரண்டு கம்பெனிகளுக்கும் கீழே ஆயிரக்கணக்கில் லோக்கல் ஆபரேட்டர்கள் இருந்தாங்க. வீட்டு வாசல் வரைக்கும் போற அந்த வழி ரிலையன்ஸுக்கே காசு கொடுத்து வாங்கத் தோணின சரக்கு. பாடியில் அந்த வழி யார் கையில் இருக்குங்கிறதுதான் கேள்வி.

அதுக்கு ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ஓஎல்டி யாரோடது. ஒரு போர்ட்டில் 64 வீடு வரைக்கும் போடலாம், 700 வீட்டுக்கு 11 போர்ட், அதாவது 16 போர்ட் ஓஎல்டி ஒண்ணே போதும். அந்த மெஷினும் மோடமும் கேபிளும் இவர் பேரில் இருந்து, வேற கம்பெனிக்கு மாறத் தடை இல்லைன்னா, பின்னாடி வர்ற பேண்ட்விட்தை மட்டும் மாத்திட்டு 700 பேரையும் கூட்டிட்டுப் போகலாம். அப்போ 45 சதவீத சர்க்குலர் வந்தா எதிர்த்துப் பேச முடியும். ஓஎல்டி கம்பெனியோடது, மோடம் அவங்க சிஸ்டத்தில் லாக் ஆனது, ரீசார்ஜ் அவங்க ஆப்பில் நடக்குதுன்னா, ஒவ்வொரு வீடா ஏறி மாத்தணும். இரண்டு டெக்னீஷியன், ஆளுக்கு நாளைக்கு 8 வீடுன்னா 44 நாள். அதுக்குள்ள கம்பெனி புது பார்ட்னரைப் போட்டு அந்த வீடுகளுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கும்.

நம்ம நண்பர் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தார். கேபிளும் மோடமும் இவங்களோடது, ஓஎல்டி கம்பெனியோடது, ஒப்பந்தம் முடிஞ்சு 12 மாசத்துக்கு அதே ஏரியாவில் வேற கம்பெனிக்கு வேலை செய்யக்கூடாதுன்னு ஒரு ஷரத்து. அதனால நான் சொன்னது இதுதான்: பங்கு பேச்சை நிறுத்தி வைங்க. ஒப்பந்தம் எப்போ புதுப்பிக்க வருதுன்னு கேளுங்க. அப்போ அந்த 12 மாச ஷரத்தை எடுத்து, சொந்த ஓஎல்டி வைக்க அனுமதி வாங்க முடிஞ்சா, அந்த மெஷின் வாங்குறதுக்கான பணத்தை மட்டும் வட்டியோட கடனா, எழுத்தில், கொடுக்கிறதைப் பத்தி யோசிக்கலாம். அதுக்கு அப்புறமும் பங்குதான் வேணும்னா சாதாரண பார்ட்னர்ஷிப் டீடில் கையெழுத்துப் போடாதீங்க. அதில் கடைக்கு வர்ற கடனுக்கு உங்க சொந்த வீடு வரைக்கும் பொறுப்பு வரும், நீங்க போட்டது 12 லட்சமா இருந்தாலும் சரி. எல்எல்பி-யா மாத்திட்டு, ஓனர் சம்பளம் மாசம் 35,000-ன்னு முதல்லயே அதில் எழுதிட்டு, அப்புறம் விலை பேசுங்க.